மாட்டில் தொங்கிய செருப்பு

கிடாரியாக இருந்ததிலிருந்து நான் வளர்த்த சிவப்பி முதல் கன்று ஈன்று ஒரு ராத்திரி முழுக்க ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. காலையில் தொழுவத்துக்குப் போனால், தொங்கிய கொடியில் என் வீட்டுக்காரரின் ஒற்றைச் செருப்பு கட்டியிருந்தது. பாரம் இழுத்தால் நஞ்சு தானாக விழுந்துவிடும் என்று எங்கள் வெள்ளகோவில் பக்கம் ஒரு வழக்கம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்து, செருப்பை அவர் காலடியில் போட்டேன்.

"ஏனுங்க, உள்ள கிழிஞ்சுபோச்சுன்னா மறுபடி சினை பிடிக்குமாங்க?"

"கைவிட்டு எடுக்கற ஆளையாச்சும் கூப்பிடறேன் அம்மணி. இது சீழ் வெச்சு, சினையும் நிக்காமப் போனா வித்துபோட வேண்டியதுதான்."

விற்பதா! நான் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து காய்ச்சல் பார்த்தார். இல்லை. சிவப்பி தீனியும் தின்றது. தரையில் புரளும் கொடியை மட்டும் கத்தரித்துவிட்டு, "இழுக்காதீங்க. உள்ளே ஒட்டியிருக்கறது அழுகி தானா கழண்டு வரும். இப்ப ஊசி வேண்டாம். தினமும் காய்ச்சலும் ஒழுக்கும் பாருங்க" என்றார். ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர் என்று இவர் முணுமுணுத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஆசனவாயில் தெர்மாமீட்டர், வாலடியில் என் மூக்கு. பழுப்புச் சிவப்பாகக் கெட்டியாக வந்தால் பயமில்லை, நஞ்சு தங்கியதால் கொஞ்சம் வாடை இருக்கும், வாடையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நஞ்சு துண்டு துண்டாக விழுந்தது. ஆனால் அதற்கடுத்த நாள் ஒழுக்கு தண்ணீராக, தாங்க முடியாத அழுகல் நாற்றத்தோடு வந்தது. காய்ச்சல் நூற்றி நான்கு. சிவப்பி சோளத்தட்டைத் தின்றும் தின்னாமலும் நின்றது.

"டாக்டரம்மா, இன்னிக்கு ஊசி போடோணுங்க" என்று போனில் சொன்னேன். விவரம் கேட்டுவிட்டு உடனே வந்து, கர்ப்பப்பையில் தொற்று என்று மருந்தை ஆரம்பித்தார். ஊசி நாட்களிலும், அதன்பின் அவர் சொன்ன நாள்வரைக்கும் பாலைக் கீழே ஊற்றினோம். அதற்குக் குழி வெட்டியது இவர்தான்.

ஒன்றரை மாதம் கழித்து சிவப்பி பருவத்துக்கு வந்து கத்தியது. வாலடியில் கண்ணாடி போலத் தெளிந்த ஒழுக்கு, ஒரு சீழ்த்துளி இல்லை. பிறகு போட்ட கருவூட்டல் ஊசியிலேயே சினை நின்றது. என் மூக்கை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்கு நஞ்சு தங்கிவிட்டதாம். போனை இவர்தான் எடுத்தார்.

"மொதல்ல அந்தச் செருப்ப அவுத்துப்போடுங்க" என்று அதட்டினார். அப்புறம் போனை என்னிடம் நீட்டினார். "மீதிய என்ற ஊட்டுக்காரிகிட்டக் கேட்டுக்குங்க. எங்க சிவப்பியக் காப்பாத்துனது அவதான்."