படத்தில் ஓரத்து ஆள்

பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டாள். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள், மூன்றாவது தரமும் நம்பிக்கை வராமல்தான் படியிறங்குவாள். லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு 'சிஐடி அக்கா' என்று பேர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அவள் வேலை புகார் மேசை. எங்காவது லிஃப்ட் நின்றால் போன் அவளுக்குத்தான் வரும். மெக்கானிக்கை அனுப்புவாள். "முடிஞ்சுது அக்கா" என்று அவன் சொன்னால் ஊர் நம்பும், அவள் நம்ப மாட்டாள். அந்தக் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போட்டு, "அண்ணே, ஒரு தடவ ஏறி மேல வரைக்கும் போய்ட்டு வந்து சொல்லுங்க" என்பாள். அவர் போய் வந்து சொன்ன பிறகுதான் புகார் மூடப்படும். மெக்கானிக்குகளுக்கு இதில் எரிச்சல்தான். ஆனால் ஒரே லிஃப்டுக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை போகிற தலைவலி அவர்களுக்கு இருந்ததில்லை, அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை முதலாளி அவளை அழைத்தார்.

"எல்லாரையும் போட்டோ எடுக்கணும்மா. ஒரு குரூப் போட்டோ. அப்புறம் ஒவ்வொருத்தரும் தனியா நின்னு 'நான் இங்க என்ன வேலை பாக்குறேன்'னு வீடியோல சொல்லணும். சனிக்கிழமை. ஏற்பாடு உங்க பொறுப்பு."

பழைய நாற்காலியை மாற்றக் கேட்டாலே 'பாக்கலாம்' என்று வருஷத்தை ஓட்டுகிற மனுஷன். அவருக்குப் படம் எடுக்க என்ன அவசரம்?

"எதுக்கு சார் திடீர்னு?"

"சும்மாதாம்மா" என்று அவர் ஜன்னலைப் பார்த்தார். சும்மா என்று சொல்கிறவர்கள் யாரும் சும்மா சொல்வதில்லை என்பது அவள் அனுபவம்.

இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் அவள் குறை வைக்க மாட்டாள். மறுநாளே போட்டோகிராபரை வரவழைத்து இடத்தைக் காட்டினாள். பட்டறைக்குப் பின்னால் இருந்த முற்றம் அவருக்குப் பிடித்தது. காலையில் சுவரின் நிழல் நன்றாக விழும், யாரும் கண்ணைச் சுருக்க வேண்டாம். வீடியோவுக்கு உள்ளே உதிரிபாக அறை. அங்கே காற்று அழுத்தும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பேச்சோடு அதன் உறுமலும் பதிவாகும் என்றார் அவர்.

அதையெல்லாம் வைத்து அவள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். குரூப் போட்டோ காலை எட்டு மணிக்கு, இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறுகிற நேரம், எல்லோரும் இருப்பார்கள். பிறகு இரவு ஷிப்டுக்கு முதலில் வீடியோ, தூங்கப் போக வேண்டுமே. பகல் ஷிப்டில் பாதிப் பேர் வீடியோவுக்கு, பாதிப் பேர் அவசர அழைப்புக்கு. மெக்கானிக்குகள் துவைத்த யூனிபார்ம் சட்டை. அலுவலகத்தார் கோடில்லாத ஒற்றை நிறம். பின்சுவர் வெள்ளை, அதனால் வெள்ளை வேண்டாம். பொடிக்கட்டம் வேண்டவே வேண்டாம், வீடியோவில் நெளியும்.

புறப்படும்போது போட்டோகிராபர் முதலாளியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது அவள் காதில் விழுந்தது. "சீக்கிரம் வேலைய விட்டுப் போற ஆள் யாராச்சும் இருந்தா ஓரத்துல நிறுத்துங்க சார். பின்னாடி வெட்டிக்கலாம். மறுபடி எல்லாரையும் கூப்பிட வேண்டாம் பாருங்க."

சாயங்காலம் முதலாளி யார் எங்கே நிற்பது என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். நடுவில் அவர். இடது ஓரத்தில் அவள்.

வீட்டில் கணவருக்குக் கால் முறிந்து கம்பி வைத்திருந்தார்கள். ஓட்டி வந்த வேனை விற்றாயிற்று. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"ஓரத்துல நின்னா என்னம்மா, படத்துல இருந்தா சரி" என்றார் கணவர்.

"என்னை வெட்டப் போறாங்கங்க."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? கல்யாணத்தன்னிக்கே நான்தான் மாப்பிள்ளையானு ரெண்டு தரம் பாத்தவ நீ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போகப் போகிறவளுக்கு வீடியோ ஒரு கேடா என்று ரோஷம் வந்தது. நேர அட்டவணையில் தன் பெயரை மட்டும் எடுத்துவிட்டாள். சனிக்கிழமை வேண்டுமென்றே பொடிக்கட்டம் போட்ட சுடிதாரை உடுத்திக்கொண்டு போனாள்.

முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். நிறுத்துகிற வேலை அவளுடையதுதானே? தாளை மடித்துச் சுடிதார்ப் பைக்குள் வைத்தாள். "சார், நீங்க இந்த ஓரத்துல நில்லுங்க. குடும்பத்த அணைச்சுப் பிடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள் முகத்தில் அசடு வழியாமல். தான் போய் நடுவரிசையில், நடு ஆளாக நின்றுகொண்டாள். இப்போது வெட்டட்டும், பார்க்கலாம்.

முதலாளியின் முகம் வெளுத்தது. ஆனால் மறுபேச்சில்லாமல் ஓரத்துக்குப் போனார்.

போட்டோகிராபர் "சிரிங்க" என்றதுதான் தாமதம், உள்ளே புகார் போன் அலறியது.

அவள் பாய்ந்தாள். நடுவிலிருந்து பாய்வது எப்படி? முன்னால் உட்கார்ந்திருந்தவனின் தோளை மிதித்து, கணக்கரின் கண்ணாடியைத் தட்டிவிட்டு, வரிசையையே கலைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருந்தாள். யூனிபார்மில் தயாராக நின்ற இருவர் படத்தை விட்டுவிட்டுப் பறந்தார்கள்.

அந்தப் பெண் வெளியே வந்தாள் என்று காவலாளி வாயால் கேட்ட பிறகே அவள் போனை வைத்தாள். நிமிர்ந்தால் வாசலில் முதலாளி.

"இதுக்குத்தாம்மா உங்களை ஓரத்துல போட்டேன். போன் அடிச்சா நீங்கதானே ஓடணும்?"

அவள் மடித்து வைத்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "சரி, என்னை ஓரத்துல நிறுத்துனீங்களே, நான் போறது உங்களுக்கு யார் சொன்னா?"

"போறீங்களா? எங்க சார்?"

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "கம்பெனிய வித்துட்டேம்மா. இதயம் சரியில்ல, டாக்டர் இனிமே வேண்டாம்னுட்டார். கடைசிப் படத்துல நடுவுல நிக்கணும்னு எனக்கும் ஒரு ஆசை. வாங்குறவர் ஆளை எண்ணிப் பாத்து, பாதிப் பேர் எதுக்குனு கேட்டார். நீங்களே அவங்க வாயால கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்கனு சொன்னேன். அதுக்குத்தான் வீடியோ."

சந்தேகப்பட்டதற்கு அவள் வாழ்க்கையில் முதல்முறையாக வெட்கப்பட்டாள்.

"உங்க நேரம் எத்தனை மணிக்கு? அட்டவணைல உங்க பேரைக் காணோமே?"

அவர் அவளுடைய பொடிக்கட்டத்தைப் பார்த்தார். மற்றவர்களின் வீடியோ முடிந்ததும் போட்டோகிராபர் சாமான்களைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். முதலாளியே போய் அவரை நிறுத்தினார்.

தோளில் மிதிபட்ட மெக்கானிக் வேறு சட்டைக்கு மாறிக்கொண்டு, கழற்றிய யூனிபார்ம் சட்டையை அவளிடம் கொடுத்தான். "போட்டுக்கங்க அக்கா. உங்க செருப்புத் தடம் தோள்ல இருக்கு, தட்டிக்கங்க." தொளதொளவென்ற அந்தச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக் கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டாள். போட்டோகிராபர் காலரில் மைக்கைக் குத்தினார். எல்லோருக்கும் தயார் செய்து கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒரு வரி தயாராக இல்லை.

"நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் போட்டோகிராபர்.

கேமராவுக்குப் பின்னால் முதலாளி தலையை ஆட்டினார்.

"சந்தேகப்படுறேன் சார்" என்றாள். "லிஃப்ட் ஓடுதுனு எங்க ஆளு சொன்னா, நான் நம்ப மாட்டேன். உள்ள ஏறினவங்க இறங்கி வெளிய வந்தாங்களானு கேட்ட பிறகுதான் போனை வைப்பேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. போட்டோகிராபர் கேமராவை அணைத்தார்.

"சரியா பதிவாயிருக்கானு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க தம்பி" என்றாள் அவள்.