வீடு வந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் வீடு

1. முதல் நாள் கேட்டது

கொடைக்கானலில் பேத்துப்பாறைப் பக்கம் ஒரு காட்டேஜில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ரூம் பாயாகச் சேர்ந்தேன். இப்போது கேர்டேக்கர். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. புது ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். அதனால் சேர்ந்த அன்றைக்கு அப்போதைய மேனேஜர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

"ஏலே முருகேசா, ஒருதடவ வந்த கெஸ்ட் மறுபடி வந்தார்னா, 'வாங்க சார், போன தடவ தங்குன அதே ரூம்தானே'ன்னு பல்லக் காட்டிக்கிட்டு நிக்காத. போன தடவ யாரோட வந்தாரு, இப்ப யாரோட வந்திருக்காருன்னு பாக்குறது நம்ம சோலி இல்ல. அவரா சொன்னாத்தான் உனக்கு ஞாபகம் வரணும். புரியுதா?"

கொடைக்கானலில் காட்டேஜ் தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. புதிதாக வருகிற பையன்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். பெட்ஷீட் விரிப்பதெல்லாம் அப்புறம்.

2. ஹனிமூன் ரூம்

நான் சேர்ந்த காலத்தில் சீசனில் பாதிப் பேர் ஹனிமூனுக்கு வருகிறவர்கள். கட்டிலில் ரோஜா இதழைப் பரப்பி, டவலை முறுக்கி இரண்டு அன்னம் செய்து நடுவில் வைப்போம். பெண்ணின் கையில் மருதாணி அழிந்திருக்காது. பையனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருக்கும். இரண்டு பேரும் சின்ன வயது. இங்கிருந்து இறங்கினால் நேராகப் பையனுடைய அப்பா அம்மா வீட்டுக்குத்தான் போவார்கள். எங்கே குடியிருப்பது என்ற பேச்சே அவர்களுக்குள் வந்து நான் கேட்டதில்லை.

இப்போது வருகிற ஜோடிகள் வேறு மாதிரி. முப்பதைத் தாண்டியவர்கள் நிறைய. ஆளுக்கொரு லேப்டாப் வைத்திருப்பார்கள். ரூம் கதவைத் திறந்ததும் மலையைப் பார்க்க மாட்டார்கள், வைஃபை பாஸ்வேர்ட் கேட்பார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால் ஒன்றில் ஒரு ஊர், இன்னொன்றில் வேறு ஊர். இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது. சில காட்டேஜில் அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் முதலாளி, இருவரும் வயது வந்தவர்கள், கார்டு சரியாக இருக்கிறது என்றால் சாவியைக் கொடுத்துவிடச் சொல்வார்.

இப்போதைய மேனேஜர் ஜோசப் சின்ன வயதுக்காரர். "முடி நரைக்கிற வரைக்கும் லவ்வர்ஸாவே இருக்காய்ங்கண்ணே. பொறுப்பு வந்துரும்னு பயம் போல" என்று சிரிப்பார். நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கையில் நல்ல சம்பளம், கேட்க ஆள் இல்லை, எதற்குக் கல்யாணம் என்று இருக்கிறார்கள் என்று.

3. சிந்துஜாவும் பிரகாஷும்

அந்த நினைப்பை மாற்றியது முப்பதைத் தாண்டிய ஒரு ஜோடி. சிந்துஜாவுக்கு மதுரை, வேலை பெங்களூரில். பிரகாஷுக்குத் திண்டுக்கல், வேலை சென்னையில். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனி. வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பஸ்ஸில் கிளம்பி, சனிக்கிழமை வெள்ளனே மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் இறங்கி, அங்கே சேர்ந்து மேலே வருவார்கள். மூன்றாவது தடவை வந்தபோது அந்தப் பெண்ணே, "அண்ணே, எங்கள ஞாபகம் இருக்கா?" என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் வாசலில் கேம்ப்ஃபயருக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு எத்தன வயசுலண்ணே கல்யாணம்?"

"இருபத்திரண்டும்மா."

"அப்ப வீடு?"

"மாமனார் வீட்ட ஒட்டி ஒரு ரூம் எடுத்துக் கட்டிக்கிட்டோம்."

சிந்துஜா பிரகாஷைப் பார்த்துச் சிரித்தது. "கேட்டீங்களா? நாம எத ஒட்டிக் கட்டுறது? என் ஹாஸ்டல ஒட்டியா, உங்க பேச்சிலர் ரூம ஒட்டியா?"

"என் ரூம்ல ஏற்கெனவே நாலு பேரு. பால்கனியில கூட ஒருத்தன் படுத்திருக்கான்" என்றார் பிரகாஷ்.

நான் கேட்கவில்லை. அவர்களாகத்தான் சொன்னார்கள். குடும்பத்தில் சம்மதம் வாங்கியாகிவிட்டது. சாதி, ஜாதகம் எல்லாம் பொருந்திப்போயிற்று. பொருந்தாதது வீடு மட்டும்தான். சிந்துஜாவின் அப்பா மின்வாரியத்தில் இருந்து ரிட்டயரானவர். வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் ஆபீஸ் லோனில் மதுரையில் சொந்த வீடு கட்டியவர். சென்னையில் மாப்பிள்ளை பேரில் ஒரு ஃபிளாட் இருந்தால்தான் தேதி குறிப்பேன், அதுவரை இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் சுற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"பேங்க் முழு வெலையும் தராதுண்ணே. ஒரு பங்க நாமதான் போடணும். பத்திரச் செலவு வேற தனி. அதச் சேத்து முடிக்கிறப்ப வெல ஏறிக் கெடக்கு" என்றார் பிரகாஷ். "என் ஒரு சம்பளத்துக்குக் குடுக்குற லோனுக்கு, ஆபீஸுக்கு ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் வீடு கெடைக்கும்."

"ரெண்டு சம்பளத்தையும் சேத்துக் காட்டலாம்ல?" என்று கேட்டுவிட்டேன். நானே கேட்டதை நினைத்து எனக்கே ஆச்சரியம்.

"அதுக்குப் புருஷன் பொண்டாட்டியா இருக்கணுமாம். நாங்க போன பேங்க்ல எல்லாம் மேரேஜ் சர்டிபிகேட் கேக்குறாங்க" என்றது சிந்துஜா. "அப்பா வீடு வந்தாத்தான் கல்யாணம்ங்கிறாரு. பேங்க் கல்யாணம் ஆனாத்தான் வீடுங்குது."

வேலையிலும் இப்படி ஒரு சிக்கல் இருந்தது. சிந்துஜா சென்னைக்கு மாறுதல் கேட்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியில் மாறுதல் கேட்டவர்களுக்குப் புது டீமில் முதலில் இருந்து பேர் எடுக்க வேண்டும், பதவி உயர்வு தள்ளிப்போகும். அதனால் டீம் லீட் ஆகட்டும், அப்புறம் கேட்போம் என்று காத்திருந்தது. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

சேர்ந்து உட்கார்ந்து பேசவே அவர்களுக்கு இடம் இல்லை. லேடீஸ் ஹாஸ்டலில் ஆணை உள்ளே விட மாட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் ஓனர் முதலில் ஃபேமிலியா, பேச்சிலரா என்பார். அதனால் இவ்வளவு தூரம் மலை ஏறி வந்து, ஃபயர் ஓரத்தில் உட்கார்ந்து, எந்தப் பேங்கில் வட்டி குறைவு என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

4. கேக்

சில மாதம் கழித்து இரண்டு குடும்பமும் ஃபிளாட் விஷயத்தை நேரில் பேசி முடிப்பதற்காகப் பழனிக்கு வந்தார்கள். சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே மேலே வந்து ஒரு நாள் தங்குவதாக ஏற்பாடு. பிரகாஷ் எங்கள் காட்டேஜிலேயே புக் செய்திருந்தார். இங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார். என்னை நினைத்துத்தான் நம்பியிருப்பார்.

ஆனால் புக்கிங் இப்போதெல்லாம் ஆப்பில். பிரகாஷின் நம்பரைப் போட்டதும், பழைய கெஸ்ட், சிந்துஜாவோடு ஜோடியாகப் பலமுறை வந்தவர் என்று ஜோசப்புக்குக் காட்டியிருக்கிறது. மறுபடி வருகிறவர்களுக்குக் கேக் வைத்தால் நல்ல ரிவ்யூ வரும் என்று அவர் புதிதாக ஒரு பழக்கம் ஆரம்பித்திருந்தார். அவர்கள் வந்து இறங்கிய நேரம் நான் பின்கட்டில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தபோது, ஹால் மேசையில் கேக் வந்து உட்கார்ந்துவிட்டது. 'மீண்டும் வருக, சிந்துஜா - பிரகாஷ்' என்று தமிழிலேயே க்ரீமில் எழுதியிருந்தது.

நான் ட்ரேயோடு உள்ளே வந்தபோது சிந்துஜாவின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தார்.

"மீண்டும்னா என்னம்மா அர்த்தம்?"

பிரகாஷ் கேக் டப்பாவின் மூடியை எடுத்து மூடப் போனார்.

"கேக்குறேன்ல! எங்கிட்ட ஹாஸ்டல்ல இருக்கேன்னுட்டு, இங்கன வந்து கூத்தடிச்சிருக்கீங்க. அதுக்கு எதுக்குக் கல்யாணம், எதுக்கு நானு? டிரைவரக் கூப்பிடு, வெரசாக் கெளம்புவோம். இந்தப் பேச்சு இதோட முடிஞ்சு போச்சு."

"அப்பா, ஒரு நிமிஷம் கேளுங்கப்பா..."

"நீ பேசாத." அவர் சுற்றிப் பார்த்தார். ட்ரேயோடு நின்ற என்மேல் கண் நின்றது. "ஏப்பா, நீ சொல்லு. இவங்க ரெண்டு பேரும் இங்க வந்திருக்காங்களா, இல்லையா?"

பிரகாஷ் என்னைப் பார்க்கவில்லை. சிந்துஜா பார்த்தது. இல்லை என்று சொல்லலாம். ஆனால் கேக் அங்கேயே இருக்கிறது. ட்ரேயைக் கேக் பக்கத்தில் வைத்தேன்.

"வந்திருக்காங்கய்யா" என்றேன். நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "வந்தா வீட்டப் பத்தித்தான்யா பேசுவாங்க. எந்த பேங்க்ல வட்டி கம்மி, கையிருப்பு எப்ப சேரும்னுதான். வேற ஜோடிங்க மாதிரி போட்டோ எடுத்துக்கூட நான் பாத்ததில்ல."

பிரகாஷின் அம்மா அதுவரை ஓரமாக இருந்தவர். "அண்ணே, இவன நான் வாடகை வீட்லதான் பெத்தேன். இவங்கப்பா போனதும் வாடகை வீட்லதான்" என்றார். "அங்கயும் சோறு பொங்குச்சு, சிரிச்சோம், சண்டை போட்டோம். வீடு சொந்தம் இல்லேன்னு ஒரு நாளும் பட்டினி கெடக்கல."

"நீங்க சும்மா இருங்க தங்கச்சி" என்றார் அவர். ஆனால் குரல் இறங்கியிருந்தது. பிறகு மகளிடம், "பேங்க்ல என்னதான் சொல்றான்?" என்றார்.

சிந்துஜா எல்லாவற்றையும் சொன்னது. என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் சொன்னது, இந்தத் தடவை சிரிக்கவில்லை. மேரேஜ் சர்டிபிகேட் என்ற இடம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப நான் வீடு வீடுன்னு சொல்லச் சொல்ல, வீடு தள்ளித் தள்ளிப் போயிருக்கு?"

"ஆமாப்பா."

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு வருஷமா நீங்க எங்கிட்ட 'ஃபிளாட் என்னாச்சு'ன்னு மட்டுந்தாம்ப்பா கேட்டீங்க."

வெளியே பனி இறங்கிவிட்டது. பனி விலகாமல் வண்டி எடுக்க முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். எல்லோரும் அன்று அங்கேயே தங்கினார்கள். கேக்கை யாரும் வெட்டவில்லை.

5. ஃபோன்

மறுநாள் காலை பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சிந்துஜா டீம் லீட் ஆகிவிட்டது என்பதும், சென்னைக்கு மாறுதல் கேட்டு எழுதிப்போட்டிருக்கிறது என்பதும் அவர்கள் பேச்சில் தெரிந்தது. பிரகாஷ் காலையிலேயே, சென்னையில் தன் ஆபீஸுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வாடகை வீட்டின் ஓனருக்கு ஃபோன் போட்டிருந்தார். எங்கள் வாசலில் சிக்னல் சரியாக வராது என்று ஸ்பீக்கரில் போட்டுத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஃபேமிலியா, பேச்சிலரா?" என்றது ஃபோனில் குரல்.

"சார், இன்னும் கல்யாணம்..."

"பேச்சிலர்ஸுக்குக் குடுக்குறதில்லைங்க."

சிந்துஜாவின் அப்பா கையை நீட்டினார். பிரகாஷ் தயங்கித்தான் ஃபோனைக் கொடுத்தார்.

"வணக்கங்க. பொண்ணோட அப்பா பேசுறேன், மதுரையில இருந்து. ஃபேமிலிதாங்க. தையில கல்யாணம். வீட்டப் பாக்க நானே வர்றேன். தண்ணி வசதி எப்படிங்க? கரண்டுக்குத் தனி மீட்டர்தானே?"

கல்யாணம் தை மாதம் என்பது அந்த நிமிடம் வரை அங்கிருந்த யாருக்கும் தெரியாது. சிந்துஜா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டது. அப்பாவோ அதைக் கவனிக்காமல், மீட்டர் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா என்று ஓனரைக் குடைந்துகொண்டிருந்தார்.

எங்கள் வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். முப்பது தாண்டிய ஜோடி வந்தால், பொறுப்பில்லாதவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். அவர்களில் பலர் தங்களுக்கென்று ஒரு வீட்டுக் கதவு திறப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், விறகைக் கொஞ்சம் மெதுவாக அடுக்குங்கள்.