சோறு என்றதும் கர்ணன்

நேற்று நான் எழுதிய திரைப்பட விளக்கத்தில் ஒரு பிழை. இன்று ஒரத்தநாடு பேருந்தில் அகப்பட்டுக்கொண்டேன்.

படத்தில் அடியாள் தன் முதலாளியைப் பற்றிச் சொல்வான்: “அவரு போட்ட சோறுதான் இந்த உடம்பு. விட்டுட்டு வரமாட்டேன்.” இது கர்ணனின் செஞ்சோற்றுக் கடன் என்று அடித்து எழுதியிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் தையற்கடை மும்தாஜ். என் பதிவுகளைத் தவறாமல் படிப்பவர்.

“டீச்சரம்மா, அவனை எதிர்ப்பக்கம் கூப்பிட்டது யாருங்க?”

“அவன் தம்பி.”

“கர்ணனைக் கூப்பிட்டது கண்ணனும் குந்தியும்தானே. தம்பி வந்து கூப்பிட்டது கும்பகர்ணனைத்தாங்க. ‘கடத்திட்டு வந்த பொண்ணை விட்டுருங்க’ன்னு முதலாளிகிட்ட முதல்ல சொல்றான் பாருங்க, அதுவும் கும்பகர்ணன் சொன்னதுதான். படத்துல அடியாளு அறிமுகமே தூங்கிக்கிட்டுதானே?”

அந்தத் தூக்கத்தை நான் வெறும் நகைச்சுவை என்று நினைத்திருந்தேன்.

கம்பனை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

“பட்டிமன்றம் கேட்டுக்கிட்டேதாங்க தைப்பேன்.”

என் கணவர் போன பிறகு என் எழுத்தில் பிழை சொல்ல யாரும் துணிந்ததில்லை.

பதிவைத் திருத்திவிட்டேன், திருத்தியவர் பெயரோடு.

நேற்று அதன் கீழே “அருமையான விளக்கம்” என்று எழுதிய நீங்கள் எல்லோரும் படம் பார்த்தவர்கள்தானே?