கவுன்ட் ஏறிய மகிழ்ச்சி

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவள் நான்தான். வெள்ளை அணுக்கள் ஆறாயிரத்து இருநூறு. கீழ்வீட்டில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். அவர் "பிராவோ!" என்று என் மகளின் கையைக் குலுக்கினார். ஜூனில் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று அன்றே புது ஷூ வாங்கிக் கொடுத்தேன்.

மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. பத்து வயதுக்குள் வந்தது, அன்றைக்கு வெள்ளை அணுக்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை, மரபணுச் சோதனையில் மோசமான மாற்றம் இல்லை, முதல் மாத மருந்து முடிந்ததும் எலும்பு மஜ்ஜையில் துருவிப் பார்த்தும் நோய் அணு சிக்கவில்லை. இதையெல்லாம் சேர்த்து, "ஸ்டாண்டர்ட் ரிஸ்க்", ஆபத்து குறைந்த பிரிவு என்றார் டாக்டரம்மா. "அப்ப தப்பிச்சோம்" என்றார் என் கணவர். "எவ்ளோ பலமா மருந்து குடுக்கணும்னு பாக்கத்தான் சார் இந்தப் பிரிவு. மருந்த விட்டுட்டா எந்தப் பிரிவும் காப்பாத்தாது" என்றார் அவர்.

ஊசிக் காலம் முடிந்து, இப்போது நடப்பது மெயின்டனன்ஸ், நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை. தினமும் இரவில் ஒரு வெளிர்மஞ்சள் மாத்திரை, வாரம் ஒருநாள் வேறு மாத்திரைகள். இப்படியே இரண்டு வருடம் போட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குழந்தை குணமாகிவிட்டாள். எங்களுக்கோ இந்த மூலக்குளம் மாடி வீடு பரோலில் வந்து தங்கிய இடம். கவுன்ட் இறங்கினால் கதவு சாத்திவிடும். போன வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் ஆடிப் பழகினாள். விழாவுக்கு முன்தினம் கிருமியை எதிர்க்கும் அணுக்களின் கவுன்ட் முந்நூறு. பாவாடையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் தனியாக ஆடினாள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. யாரை அறைவது?

அதனால்தான் ஆறாயிரம் எனக்கு அவ்வளவு இனித்தது. ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை. வெள்ளை அணுக்களில் அந்த எதிர்ப்பு அணுக்கள் மட்டும் அறுபத்திரண்டு சதவீதம்; கணக்குப் போட்டால் மூவாயிரத்து எண்ணூறுக்கு மேல்.

"போன தடவையும் ஜாஸ்திதான். இந்த அணு ஐந்நூறுக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் நடுவுல இருக்கணும்மா. ஐந்நூறுக்குக் கீழ போனா மாத்திரய நிறுத்துவோம். இவ்ளோ மேல இருந்தா, ஒண்ணு மாத்திர பத்தல, இல்ல உள்ள போவல. தெனமும் போடறாளா?"

"என் கையால குடுக்கறேன் டாக்டர்!" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "டோஸ ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். என்னைப் பொய்க்காரி ஆக்குகிறாரே என்று ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் பொருமினேன்.

வீட்டுக்கு வந்ததும் புது ஷூவை எடுத்தேன். ஒரு சைஸ் பெரிதாக இருந்தது, மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். உள்ளே கைவிட்டதும் பிசுபிசுத்தது. நுனியில், பாதி கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிய மஞ்சள் மாத்திரைகள். எச்சில் காய்ந்த மாத்திரைகள். இதற்குமுன் எங்கெங்கே துப்பினாளோ! மாத்திரையை வெறுங்கையால் தொடாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததெல்லாம் மறந்துபோய் அள்ளினேன். எத்தனை இரவுகளாக அந்த நோயைத் தடுக்க உள்ளே ஒன்றுமே இல்லை!

"ஏன்டி?" என்று உலுக்கினேன்.

அவள் அழவில்லை. "மாத்திர போட்டா கவுன்ட் கொறையுதும்மா. கொறஞ்சா ஸ்கூலு கெடையாது. நீதான சொன்ன? போடல, ஏறிடுச்சு. நீ கூட ஷூ வாங்கித் தந்தியே."

அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்கு எப்படிச் சொல்வது? கொஞ்சம் இறங்கினால்தான் மருந்து வேலை செய்கிறது, ரொம்ப இறங்கினால் காய்ச்சலே ஆளைக் கொல்லும், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள்தான் நாம் குடியிருக்க வேண்டும் என்று ஏழு வயதுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். டோஸை ஏற்றவில்லை, பழைய அளவையே கண்ணெதிரே கொடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் காவல்காரி. விழுங்கியதும் வாயைத் திற, நாக்கைத் தூக்கு, கன்னத்தைக் காட்டு. பெற்ற பிள்ளையின் வாயில் டார்ச் அடித்துத் தேடினேன். கவுன்ட் குறைய வேண்டும் என்று சாமியிடம் வேண்டினேன், அதுவும் என் வாயால்தான்.

குறைந்தது. பள்ளி திறக்கிற வாரம் சளி பிடித்து, எதிர்ப்பு அணு முந்நூற்று எண்பது. ஏறும்வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பள்ளியும் இல்லை.

அன்றிரவு வெறுங்கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளி இல்லை என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, நான் கேட்காமலேயே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.