பழுப்பு வளையச் சோதனை

பல்லடம் பக்கத்து மேல்நிலைப்பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியையாக நான் சேர்ந்தபோது, ஆய்வகத்தில் எனக்கு முன்பிருந்தவர் விட்டுப்போன செய்முறைத் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து யாரோ தமிழில் எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் செய்து வைத்திருந்தார்கள். எழுதியவர் அவசரக்காரராக இருந்திருக்க வேண்டும். உப்பைத் தண்ணீரில் கரைப்பதற்கும் 'கலக்கவும்', அமிலத்தில் குழைப்பதற்கும் 'கலக்கவும்', சோடாவோடு சேர்த்து உருக்குவதற்கும் 'கலக்கவும்'. கரித்துண்டின் குழியில் உப்பையும் சோடியம் கார்பனேட்டையும் போட்டு ஊதுகுழலால் சுடரை ஊதி உருக்க வேண்டிய இடத்தில், பிள்ளைகள் தீக்குச்சியால் கிண்டிக்கொண்டு, ஏதாவது நடக்கும் என்று என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

ஒரு நாள் சிரிக்க முடியாமல் போனது. அன்று நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கும் பழுப்பு வளையச் சோதனை. உப்பின் கரைசலில், அப்போதுதான் தயாரித்த ஃபெர்ரஸ் சல்பேட் கரைசலைச் சேர்க்க வேண்டும். பிறகு சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை உட்சுவர் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக வழியவிட வேண்டும். அமிலம் கனமானது, அடியில் போய்த் தங்கும். மேலே கரைசல், கீழே அமிலம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு வளையம் தோன்றும். அசைத்தால் வளையம் போய்விடும்.

தாளில் இருந்தது: 'அமிலத்தைக் கலக்கவும்.' முன்பெஞ்சு மாணவி ஒருத்தி சொன்னபடி செய்தாள். அமிலத்தை ஊற்றிக் குலுக்கினாள். குழாய் சூடேறி, புகைந்து, அவள் கையை விட்டு நழுவிச் சிங்க்கில் விழுந்து உடைந்தது. ஒரு துளி தெறித்த விரலை நான் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டிருக்க, அவள் அழுதுகொண்டே சொன்னாள்:

"கலக்கோணும்னு தானுங்க டீச்சர் போட்டிருக்குது."

அவள் மேல் என்ன தப்பு? தலைமையாசிரியரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே புதுசா எழுதிப் போடுங்க. தமிழ் சாரக் கூட வெச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

தமிழ் சார் என்னைவிட ஒரு வயது மூத்தவராக இருப்பார். எங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்த காலனியிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் அம்மா எங்கள் பங்காளிகள் காட்டில் களை வெட்டுபவர். நான் தோட்டத்து வீட்டுப் பெண். ஒரே ஊர்க்காரர்கள் என்றாலும் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் அவரோடு முதன்முதலாகப் பேசினேன். ஊருக்குள் அதற்கு வழி கிடையாது.

கடைசி மணி அடித்ததும் ஆய்வகத்தில் உட்காருவோம். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கும், பிள்ளைகளும் நாலைந்து பேர் இருப்பார்கள். நாங்கள் ஒரு வரி எழுதுவோம். எழுதியதை வாய்விட்டுப் படிப்பார் அவர். பிள்ளைகள் அதை மட்டும் செய்ய வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது. அவர்கள் கை தவறான இடத்துக்குப் போனால் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

"டீச்சருக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் பேச உடுங்கப்பா" என்பார்.

பிள்ளைகளிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பையன், இரண்டு பொடிகளைக் கலக்குவதற்குப் 'புரட்டறது' என்றான். தீவனத்தை அப்படித்தான் புரட்டுவார்களாம். தறிக்காரர் வீட்டுப் பெண் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதை வைத்து, முதலில் கரைக்க வேண்டும், அப்புறம்தான் காய்ச்ச வேண்டும், மாற்றினால் கட்டி தட்டிவிடும் என்றாள். சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சுடர் சோதனைக்கு 'குழைத்துக்கொள்' என்று எழுதினார். உப்போடு ஒரு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குழைத்துக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால், ஸ்ட்ரான்ஷியம் கருஞ்சிவப்பாக எரியும். அவர் சிறுபிள்ளை மாதிரி, "இன்னொருக்காக் காட்டுங்க" என்றார். காட்டினேன். அவர் கேட்டால் நான் பெட்டியிலிருந்த உப்பு முழுவதையும் எரித்திருப்பேன்.

ஒரு மாலை அவர் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், பாடப் புத்தகத்துல கலவைங்கறாங்க, சேர்மங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கறதுதானுங்களே?"

இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் தாளில் கொட்டிப் புரட்டினேன். காந்தத்தைக் காட்டியதும் இரும்பு மட்டும் எழும்பி ஒட்டிக்கொண்டது. மஞ்சள் தூள் அப்படியே கிடந்தது. இது கலவை. மறுபடி இரண்டையும் ஒன்றாக்கிக் குழாயில் போட்டுச் சூடாக்கினேன். செந்தணல் ஒன்று அடியில் பிடித்து, விளக்கை எடுத்த பிறகும் தானாகவே மேலே ஏறியது. ஆறியதும் குழாயை உடைத்து, கறுத்த கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்துக் காந்தத்தைக் கொடுத்தேன். ஒட்டவில்லை.

"இது இரும்பும் இல்லைங்க, கந்தகமும் இல்லைங்க. இனி சும்மா பிரிக்க முடியாது" என்றேன்.

அவர் அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, இந்த மனிதர் இல்லாத மாலைகள் எனக்கு வேண்டாம் என்று.

அமிலத்தையும் தண்ணீரையும் பற்றிய வரியில்தான் எங்களுக்குப் பெரிய சண்டை. 'அமிலத்தையும் நீரையும் கலந்துகொள்' என்று அவர் எழுதியிருந்தார். படிக்க அழகாக இருந்தது. ஆனால் எதில் எதை ஊற்றுவது என்று அதில் இல்லை. தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். 'நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர். ஒருபோதும் மாற்றி ஊற்றாதே' என்று எழுதச் சொன்னேன். வாக்கியம் மொட்டையாக இருக்கிறதென்று முகம் சுளித்தார்.

"அழகா இருந்து கண்ணு போறதுக்கு, மொட்டையா இருந்துட்டுப் போகட்டுங்க சார்" என்றேன்.

கடைசியாக வளையத்துக்கு வந்தோம். அந்த வரியை மட்டும் நான் திருத்தவே இல்லை. 'குழாயைச் சாய்த்து, அமிலத்தைச் சுவரோரமாக வழியவிடு. அசைக்காதே. இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நிமிர்த்திப் பிடித்துக் காத்திரு.' விரலில் பட்ட அந்த மாணவியே படித்துச் செய்தாள். வளையம் நின்றது. ஆய்வகமே கைதட்டியது. அந்த வருடப் பொதுத்தேர்வில் எங்கள் பிள்ளைகள் ஒருவரும் குழாயைக் குலுக்கவில்லை.

ஜூன் மாதம் அவருக்குத் தாராபுரம் பக்கம் மாறுதல் வந்தது. கேட்டு வாங்கியது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விடைபெற ஆய்வகத்துக்கு வந்தார். பிள்ளைகள் யாரும் இல்லை. நான் வேறு பேச்சு எதுவும் பேசவில்லை.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மாறுதல் கேட்டிருக்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார்.

"எனக்கு ஆசையில்லைன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க எங்க ஊட்டுக்கு வந்தாலும் சரி, நான் உங்களக் கூட்டிட்டு எங்காவது போனாலும் சரி, கொதிச்சுத் தெறிக்கறது எங்க சனத்து மேலதானுங்க. எங்கம்மா நாளைக்கும் அந்தக் காட்டுக்குத்தான் களை வெட்டப் போகுதுங்க. எதுல எதை ஊத்துனா என்னாகும்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. எங்கள் பங்காளிகள் ஒவ்வொருவர் முகமும் கண்முன் வந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் அடிக்க முடியவில்லை.

"நான் வாரேனுங்க" என்று போய்விட்டார்.

பிறகு எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தார்கள். கோயம்புத்தூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மாலையில் கடைசி மணி அடிக்கும்போதெல்லாம் என் காது சைக்கிள் ஸ்டாண்டின் பக்கம் போகும். அந்தக் காதை இன்றுவரை என்னால் திருத்த முடியவில்லை.

இரண்டொரு வருடம் கழித்து, செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக என்னைத் தாராபுரம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போட்டார்கள். ஒரு மாணவிக்கு நைட்ரேட் உப்பு வந்திருந்தது. அவள் குழாயைச் சாய்த்து, அமிலத்தைச் சுவரோரமாக வழியவிட்டு, நிமிர்த்தி, மூச்சுகூட விடாமல் நின்றாள். வளையம் வந்தது. பார்த்து மதிப்பெண் போடுவதற்காகக் கையை நீட்டினேன்.

"அசைச்சுப் போடாதீங்க டீச்சர்" என்று பதறினாள். "ரெண்டும் ஒண்ணோடொண்ணு கலந்துராம நிமுத்திப் புடிச்சுக் காத்திருக்கோணுமுங்க."

"இத யாரு கண்ணு சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க பழைய தமிழ் சாருங்க. வேதியியல் டீச்சர் இல்லாத வருசம் அவருதான் எழுதிக் குடுத்தாரு. மாறுதலாகிப் போயிட்டாருங்க."

எந்த ஊருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் உள்தேர்வாளர் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பிள்ளை கையில் குழாயோடு காத்திருந்தாள். வாய் நீளமான நான் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மெல்லிசாக அந்தப் பழுப்பு. அசைந்தால் கலைந்துவிடும் என்று இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம், ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது.

"மார்க் போட்டாச்சுங்களா டீச்சர்?" என்றாள் அந்தப் பெண்.

போட்டாயிற்று என்றேன். குழாயை மட்டும் உடனே திருப்பிக் கொடுக்கவில்லை.