கவுன் வாலில் தெரிந்த கட்டு

ராயபுரத்தில் ஓர் அச்சகத்தின் முன்னறையில் எனக்கு டிசைன் வேலை. போட்டோவிலிருந்து மணமக்களை மட்டும் வெட்டியெடுத்துக் கல்யாணப் பத்திரிகையில் ஒட்ட வேண்டும். பொறுமை கேட்கிற வேலை அது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

கல்யாணப் பெண் ஒருத்தி கொண்டுவந்த படம் காசிமேட்டு அலைதடுப்புக் கற்களில் எடுத்தது. வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கவுன். அதன் வால் வலைத்துணி, பத்தடி நீளம் இருக்கும், கருங்கல் மேல் ஒரு சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை உதட்டை இறுக்கி மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா வேணா பண்ணுக்கா, வால மட்டும் வெட்டிராத. சின்ன வயசுலேர்ந்து எனக்கு இந்த ஒரு ஆசதான்" என்றாள்.

உடம்புகளை ஓரம் வரைந்து வெட்டப் பென் டூல் போதும். வலைத்துணிக்கு அது உதவாது. ஓரத்தை மட்டும் வெட்டினால் துணிக்குள் தெரிகிற கல்லும் கூடவே வந்து மெரூன் அட்டையில் அழுக்காக நிற்கும். அதனால் படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்துக் காட்டும் சேனலை எடுத்து, வெளிச்சமான பகுதி நிற்கவும் இருட்டு மறையவும் மாஸ்க் போட்டேன். கல் போய்விட்டது. வலை ஓர் இழை குறையாமல் மெரூன் மேல் விரிந்தது. வால் நுனியில் மட்டும் சின்ன வெள்ளைத் திட்டு. துணி மடிப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் பகலில் பார்த்து ஒப்புக்கொள்ள இரண்டு வீட்டு ஆட்களும் வந்தார்கள். அவள் தன் அண்ணனோடு வந்தாள். மாப்பிள்ளை பக்கம் அவன் சித்தப்பா. திரையைப் பெரிதாக்கச் சொல்லிக் குனிந்து பார்த்த சித்தப்பாவின் முகம் கறுத்தது.

"இது இன்னாமா வெள்ளையா கீது? பேண்டேஜ் துணி மாறி?"

பேண்டேஜ்தான். அப்போதுதான் அண்ணனின் வலது கையைப் பார்த்தேன். விரல் முட்டியில் அதே கட்டு. மீதியை அவள் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். தங்கையின் காதல் வீட்டுக்குத் தெரிந்த அன்று அவன் மாப்பிள்ளையின் வாயில் குத்தி முன்பல்லை உடைத்திருக்கிறான். பல் கிழித்த காயம் சீழ் வைத்து ஆறவேயில்லை. பிறகு அவனே கல்யாணத்துக்கு இறங்கிவந்து, படம் எடுத்த அன்று கல்லுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, கடல் காற்று தூக்காமல் வாலை அடியிலிருந்து இழுத்துப் பிடித்திருக்கிறான். கறுத்த கை கல்லோடு மறைந்துவிட்டது. வெள்ளைக் கட்டுத் துணியை மட்டும் என் மாஸ்க் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எங்க புள்ள பல்ல ஒடச்ச கையி எங்க பத்திரிகையிலயா? வெட்டுமா அந்த வால!"

"வால்ல கை வச்ச, மவனே, கல்யாணமே கெடையாது" என்று அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் அவன் தாடையில் ஒரு குத்து விட்டார். அவன் அவரைச் சுவரில் மோதினான். ஸ்டூல் பறந்தது, டியூப் லைட் வெடித்தது, கீபோர்டில் ரத்தம் சொட்டியது. குறுக்கே போன தங்கை, யாரோ ஒருவரின் முழங்கை இடித்துக் கீழே விழுந்தாள். அண்ணன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அந்தக் கையில் ஓங்கி அடித்தேன், அந்தக் கட்டின் மேலேயே, தெரிந்தேதான். ஒரு தடவை போதும். நான் மூன்று தடவை அடித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கழுத்தை விட்டுவிட்டான். கட்டு சிவந்து வழிந்தது. சித்தப்பா இருமிக்கொண்டே சொன்னார், "இவன் மாதா கோயில் வாசப்படி மிதிக்கக் கூடாது. சரின்னா கல்யாணம் நடக்கும்."

தங்கை தரையிலிருந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

"நான் வர்ல. படத்துலேர்ந்து என் கைய எடுத்துரு, அக்கா. துணிய வெட்டாத."

பக்கத்து வலையை நகலெடுத்து அந்த இடத்தில் வைத்து அடைத்தேன். பத்து நிமிட வேலை. முன்தினமே செய்திருக்கலாம். கட்டு மறைந்தது, வால் முழுசாக இருந்தது. நுனி மட்டும் யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி விறைப்பாகவே நின்றது. அதை மாற்ற முடியவில்லை, மாற்றவும் மனசு வரவில்லை.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். கோயிலுக்குள் அவள் நடந்து வரும்போது வால் பெஞ்சுக் காலில் மாட்டிக்கொண்டது. அவள் நின்றாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிடித்துவிட ஆளில்லை. கடைசி வரிசையிலிருந்து நான் இரண்டு எட்டு வைத்தால் போதும், ஆனால் அவன் கையை அடித்த என்னால் எழவே முடியவில்லை. அவள் முன்னால் திரும்பி ஒரு இழுப்பு இழுத்தாள். கிழிந்த சத்தம் என் வரைக்கும் கேட்டது.