முப்பத்தெட்டு அளவு குர்தா

ஆலங்காயத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத் திருப்பத்தூரில் குர்தா வாங்கப் போனேன். என் மார்பளவு முப்பத்தாறு. கடைக்காரப் பெண் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு முப்பத்தெட்டு கரெக்ட்டுக்கா" என்றாள். போட்டுப் பார்க்க இடமில்லை.

மார்பில் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் சாமை மூட்டையும் புளி மூட்டையும் சுமந்து வளர்ந்த தோளும் கையும் என்னுடையவை. அக்குள் இறுக்கிப் பிடித்தது. கை தோளுக்கு மேல் எழவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் கரும்பலகை முன் நின்றேன். பாதிக்குக் கீழேயே எழுதினேன்.

"இன்னாம்மா, மேல எழுத மாட்டியா? பின்னாடி பசங்களுக்கு எப்டி தெரியும்?" என்றார் தாளாளர். எட்டி எழுதினேன். அக்குள் தையல் விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

கிழிந்ததைத் தைக்கக் கொடுத்தபோது தையல்காரம்மா சொன்னார்: "மாரு அளவ மட்டும் பாத்தா ஆவாதுமா. தோளும் கை சுத்தளவும் பாத்து ஒரு சைஸ் பெருசா வாங்கு, பக்கத்துல நான் புடிச்சுத் தரேன்."

அப்படித்தான் இப்போது வாங்குகிறேன். கை நன்றாக எழுகிறது. அந்தப் பள்ளியில் வேறொருத்தி பாடம் நடத்துகிறாள்.